மாலை நான்கும் விடிகாலை நான்கும்

சென்ற வாரம் என் அக்காள் மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன், தன் தோழனோடு கூடிச் சனி ஞாயிறுகளில் ஏதேனும் சிறு வியாபாரம் செய்ய உத்தேசித்திருப்பதாகவும், என்ன பொருளை விற்றால் லாபம் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டுமென்றும் கேட்டான். என்ன பொருள் என்பதைப் பிறகு பார்ப்போம், எந்த நேரத்தில் விற்கப் போகிறாய் என்பதை முதலில் சொல் என்று நான் திருப்பிக் கேட்டதும், அவன் சற்றே திகைத்து, "சாயங்காலந்தான் மாமா, அப்பத்தானே எல்லாருக்கும் லீவு?" என்றான். பத்தாண்டுகளுக்கு முன் நானும் என் நண்பனும் இதே பதிலைத்தான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அதன் பலனை ஒன்பது வாரங்கள் அனுபவித்தோம். அவனுக்கு அன்று இரவு வாய்மொழியாகச் சொன்ன கதையை, இன்னும் சிலருக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

கோயம்புத்தூரில் நாங்கள் இருவரும் பி.காம். படித்துக்கொண்டிருந்தோம். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு வெளியே, வார நாட்களில் பழரசம் விற்கும் ஒருவர் சனி ஞாயிறுகளில் தம் தள்ளுவண்டியைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பதை நண்பன் கண்டுபிடித்தான். நாளொன்றுக்கு 50 ரூபாய் வாடகைக்கு வண்டியையும் அது நிற்கும் இடத்தையும் அவர் எங்களுக்கு விட்டுக்கொடுக்க இசைந்தார். பழைய பித்தளைப் பாய்லர் ஒன்று, பால் சட்டி இரண்டு, டிக்காஷன் வடிகட்டும் துணிப்பை, நான்கு டஜன் கண்ணாடி கிளாஸ், வியாபார உபயோகத்துக்கான எரிவாயு உருளை ஒன்று ஆகியவற்றை இருவர் வீட்டிலும் கடன் வாங்கிச் சேர்த்தோம். நண்பனுடைய சித்தப்பா ஒரு காலத்தில் டீ மாஸ்டராக இருந்தவர். அவரிடம் ஒரு மாத காலம் நின்று டீ ஆற்றக் கற்றுக்கொண்டோம். மாலை 4 மணிக்குக் கடையைத் தொடங்கி இரவு 9 மணிக்கு மூடுவது என்று தீர்மானித்தோம். மாலை 4 மணி என்பது தேநீர் நேரம் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே எழவில்லை.

அந்த ஒன்பது வாரங்களில் சராசரியாக ஒரு மாலையில் 65 டீ விற்றது. அப்போது டீ 8 ரூபாய். ஆகவே கல்லாவில் சேர்ந்தது 520 ரூபாய். செலவோ 5 லிட்டர் பாலுக்கு 160, கால் கிலோ டஸ்ட் தூளுக்கு 50, சர்க்கரைக்கு 25, எரிவாயுவுக்கு ஏறத்தாழ 60, வண்டி வாடகை 50, தண்ணீர்க் குடத்துக்கு 20 என்று 365 ரூபாய் ஆகிவிடும். மீதி 155 ரூபாயை இருவரும் பகிர்ந்துகொண்டால், ஐந்து மணி நேரம் நின்றதற்கும், அதற்கு முன்னும் பின்னும் பாத்திரம் சுமந்து கழுவியதற்கும் சேர்த்து, தலைக்கு 77 ரூபாய் 50 காசு கிடைத்தது. மழை பெய்த மாலைகளில் அதுவும் இல்லை.

இந்த நிலைமைக்குக் காரணம் தேநீரின் சுவையே என்று நாங்கள் முதலில் நம்பினோம். அப்படி நம்பியதற்கு நியாயமும் இருந்தது. ஏனெனில் வாங்கிக் குடித்தவர்களில் சிலர் பாதியில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், ஒரு பெரியவர் "தம்பி, கசக்குது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தூளை மாற்றினோம், இஞ்சி தட்டிப் போட்டோம், ஏலக்காய் சேர்த்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு கூடியதே தவிர 65 என்ற எண்ணிக்கை நகரவில்லை. சுவை கெட்டதற்கு மூலகாரணம் தூளில் இல்லை என்பதும், அது எங்கே இருந்தது என்பதும் வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று.

தேநீர்க் கடை நடத்தியவர்களுக்குத் தெரிந்த விஷயந்தான் அது. துணிப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி இறக்கிய டிக்காஷன், முதல் பத்து நிமிஷங்களுக்குப் பாலோடு கலந்தால் செம்மையான நிறமும் நல்ல மணமும் தரும். தூள் பை அதிலேயே ஊறிக்கொண்டும், பாத்திரம் சூட்டிலேயே இருந்துகொண்டும் இருந்தால், அரை மணி நேரத்தில் மணம் போய்த் துவர்ப்பு மட்டும் ஏறி நிற்கும். பாலில் கலக்கும்போது நிறம் மங்கிச் சேற்றுப் பழுப்பாகும். பாலுக்கும் இதே கதி. சிறு தீயில் மணிக்கணக்காகக் கிடக்கும் பால் சுண்டும், ஆடை படரும், அடியில் பிடித்துக் காந்தல் வாடை ஏறும். அதைச் சரிசெய்யத் தண்ணீர் விட்டால் பால் வெளிறிப்போகும். ஐந்து மணி நேரத்தில் 65 பேர் என்றால், நால்வர் சேர்ந்து வந்துவிட்டுப் போன பிறகு இருபது நிமிஷம் ஒருவரும் இல்லை என்பது பொருள். அடுத்து வருபவருக்குக் கிடைப்பது இருபது நிமிஷம் பழகிய டிக்காஷன். அவர் மறுபடி வரமாட்டார். ஆட்கள் குறையக் குறையத் தேநீர் பழசாகிறது; தேநீர் பழசாகப் பழசாக ஆட்கள் குறைகிறார்கள். இஞ்சியும் ஏலக்காயும் இந்தச் சுழலுக்குள் புகுந்து என்ன செய்ய முடியும்?

பத்தாவது வாரத்தில் நேர்ந்தது இது. சனிக்கிழமை இரவு கடையை மூடிப் புறப்பட்ட அவசரத்தில், மறுநாள் பால் வாங்க வேண்டிய கேனை வண்டியின் அடியிலேயே நண்பன் விட்டுவிட்டான். காணாமற்போய்விட்டால் புதிது வாங்கக் கையில் பணமில்லை என்ற கவலையில், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே இருவரும் சைக்கிளில் போனோம். மணி நான்கு இருக்கும். கேன் பத்திரமாக இருந்தது. ஆனால் மாலை வேளைகளில் பூட்டிய கதவும் குப்பையும் தவிர வேறொன்றும் இல்லாமல் நாங்கள் பார்த்துப் பழகிய அந்த இடம், தலைச்சுமைகளும் மூட்டைகளும் ஆட்டோக்களுமாக நிறைந்து கிடந்தது. தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம் பக்கங்களிலிருந்து முதல் வண்டிகளைப் பிடித்து வந்த குடியானவர்கள் கீரைக்கட்டுகளையும் தக்காளிக் கூடைகளையும் சின்ன வெங்காய மூட்டைகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வண்டியின் மேலிருந்த பாய்லரைப் பார்த்துவிட்டு, கொத்தமல்லிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "கண்ணு, டீ இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, சாயங்காலந்தானுங்க கடை" என்றான் நண்பன்.

"சாயங்காலம் இங்க ஆரு கண்ணு இருக்கறாங்க, டீ குடிக்க? அப்ப நாங்க ஊட்ல இருப்பமே!"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் தம் துணிப்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வீட்டில் போட்டு ஊற்றிக்கொண்டு வந்த டீ. ஆறிச் சில்லிட்டு, கழுத்துப் பக்கம் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து, பாட்டிலைக் குலுக்கி, அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அவரும் இரண்டு மடக்குக் குடித்தார். ஒன்பது வாரங்களாகச் சூடான டீயை வைத்துக்கொண்டு குடிப்பாரைத் தேடிய அதே இடத்தில், குடிக்க ஆசைப்படுபவர்கள் ஆறிய டீயைப் பங்கிட்டுக்கொள்வதை நாங்கள் கேனைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றே நேரத்தை மாற்றிவிடலாம் என்று நான் துடித்தேன். நண்பன் நிதானம் உள்ளவன். "ஒரு தடவை ஏமாந்தது போதும்டா, இந்தத் தடவை எண்ணிப் பாத்துட்டு ஆரம்பிப்போம்" என்றான். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் 3.30 மணிக்கே போய் எதிர்த் திண்ணையில் அமர்ந்து, 8 மணி வரையில் கால் மணிக்கு ஒருமுறை யார் யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று நோட்டில் குறித்தோம். சந்தைக்கு வருபவர்கள் மூன்று அலைகளாக வருகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. 3.45 மணி முதல் 5 மணி வரையில் விளைபொருளோடு வரும் குடியானவர்களும், சுமை இறக்குபவர்களும், ஆட்டோ ஓட்டுநர்களும். 5 மணிக்கு மேல் 6 மணி வரையில் புதிதாக வருபவர் குறைவு. வந்தவர்கள் தத்தம் கடையில் உட்கார்ந்து காயை அடுக்கி, அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதற்குக் காத்திருப்பார்கள். 6 மணிக்குமேல் பையும் கையுமாக ஊர் ஜனங்கள். தெருக்கோடியில் இருந்த டீக்கடையோ 5.15 மணிக்குத்தான் திறந்தது. ஏனெனில் அந்தக் கடைக்குப் பால் வண்டி வருவதே 5 மணிக்கு. ஆகவே கூட்டம் மிகுந்த, குளிர் மிகுந்த அந்த ஒன்றேகால் மணி நேரம் ஒரு சொட்டுச் சூடான தேநீர்கூட அப்பக்கத்தில் கிடையாது.

அந்த இடைவெளி ஏன் அப்படியே கிடந்தது என்பதை நாங்கள் யோசிக்காமல் இறங்கியது பிழை. இத்தனை ஆண்டுகளாகத் தெருக்கோடிக் கடைக்காரர் அதைக் காணாமலா இருந்திருப்பார்? அவருக்கு ஆட்கள் வருவது தெரியும், விடிகாலை 3.30 மணிக்குப் பால் கிடைக்காது என்பதும் தெரியும். முதல் நாள் மாலைப் பாலை இரவு முழுவதும் கெடாமல் காப்பாற்றினால்தான் அந்த நேரத்தில் கடை திறக்க முடியும் என்ற உண்மையை, நேரம் மாற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் கற்றோம். கறவைக்காரரிடம் சனிக்கிழமை மாலை 8 லிட்டர் வாங்கி, காய்ச்சி, பூனை வாய் வைத்துவிடப் போகிறதே என்று சூட்டோடு சூடாக இறுக மூடி வைத்தோம். மூன்றரை மணிக்கு அடுப்பில் ஏற்றினோம். நுரை எழ வேண்டிய நேரத்தில் பால் தயிர்த் துணுக்குகளாகத் திரிந்து, பச்சைத் தண்ணீர் பிரிந்து நின்றது.

எதிரே பத்துப் பதினைந்து பேர் கிளாஸுக்காக நிற்கிறார்கள். நண்பன் ஒரு கணங்கூடத் தயங்காமல் திரிந்த பாலை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, கொதிநீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, டிக்காஷனை இளமாக இறக்கிச் சர்க்கரையைத் தூக்கலாக இட்டு, "பால் இல்லீங்க, வர டீதான் இருக்குது, அஞ்சு ரூபாய்" என்று அறிவித்தான். சுமை இறக்கும் ஒருவர், "சூடா இருந்தாச் செரி தம்பி, குடு" என்று கை நீட்டினார். அன்று 80 கிளாஸ் வர டீ விற்றது. பாலில் போன நஷ்டம் 256 ரூபாய் என்றாலும், அந்தக் காலையில் எங்களுக்கு ஒரு பாடம் உறுதிப்பட்டது: அவர்கள் எங்களிடம் தேடியது ருசியை அல்ல, அந்த நேரத்துச் சூட்டை.

பால் திரிந்ததற்கு இரண்டு காரணங்களை நண்பனுடைய சித்தப்பா எடுத்துச் சொன்னார். காய்ச்சிய பாலைச் சூட்டோடு மூடி வைத்தால், அது கையில் பொறுக்கும் வெதுவெதுப்பிலேயே பல மணி நேரம் கிடக்கும். உறை மோர் விடுவதற்கு நாம் தேடும் பதம் அதுதானே? இரண்டாவது, கேனின் விளிம்பு மடிப்பில் பழைய பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அது முதற்கொண்டு கேனைத் தேய்த்துக் கழுவியதோடு நில்லாமல் கொதிநீர் ஊற்றிக் குலுக்கி வெயிலில் கவிழ்த்து வைத்தோம். பாலைக் காய்ச்சியவுடன் சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, தண்ணீரை இருமுறை மாற்றி, பால் முற்றிலும் ஆறும் வரையில் கரண்டியால் துழாவி, பக்கத்து பேக்கரிக்காரரின் குளிர்பெட்டியில் ஓர் இரவுக்கு 30 ரூபாய் கொடுத்து வைத்தோம். காலையில் முழுப் பாலையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கரண்டி பாலைத் தனியே சிறு கிண்ணத்தில் கொதிக்க வைத்துப் பார்ப்பதை ஒரு விரதமாகக் கொண்டோம். அந்தக் கரண்டிப் பால் பொங்கினால் மீதியும் பொங்கும். அது திரிந்தால் வர டீக்கு ஆயத்தமாகிவிடலாம், வாடிக்கைக்காரரைக் காக்க வைக்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அது திரிந்தது.

இரண்டாவது சங்கடம் பணத்தைப் பற்றியது. மாலையில் டீ குடிப்பவர் காசைக் கொடுத்துவிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார். விடிகாலையில் வரும் குடியானவரோ இன்னும் ஒரு கட்டுக் கீரைகூட விற்காதவர். பஸ் செலவு போகக் கையிலிருப்பது அற்பம். அதையும், போணியாவதற்கு முன்னால் கையைவிட்டுக் கொடுத்தால் அன்றைய வியாபாரம் சிறக்காது என்ற நம்பிக்கையால் எடுக்க மாட்டார். "இன்னும் போணியாகலீங் தம்பி, போணியானதும் வந்து வாங்கிக்குங்க" என்பார்கள். முன்பின் அறியாதவர்களுக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்று நான் தயங்கினேன். சந்தைக்குள் ஒவ்வொரு கடைக்கும் எண் உண்டு என்பதை நண்பன் கவனித்திருந்தான். ஆளின் பெயரைக் கேட்காமல் அன்று அவர் உட்காரப் போகும் கடை எண்ணை மட்டும் நோட்டில் எழுதி, அதற்கு நேராக எத்தனை கிளாஸ் என்று கோடு போட்டுக்கொண்டான். ஏழரை மணிக்குக் கடையை மூடியதும் நான் பாத்திரம் கழுவ, அவன் நோட்டும் கையுமாக உள்ளே ஒரு சுற்று வருவான். ஒரு காலையில் 150 கிளாஸ் கடனாகப் போனாலும் திரும்பி வராமல் நின்றது ஒன்றோ இரண்டோதான். அதுவும் பெரும்பாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து சேரும்.

உட்கார்ந்துவிட்ட குடியானவர் கடையை விட்டு எழுந்து வர முடியாது. ஆகவே 5 மணிக்கு மேல் தேநீர் அவரிடம் போக வேண்டும். எட்டு கிளாஸ் நிற்கும் கம்பித் தூக்கு இரண்டு வாங்கினோம். ஒருவன் பாய்லரிடம் நின்று போட, மற்றவன் தூக்கில் வைத்து உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முந்தைய நடையின் காலி கிளாஸ்களைத் திரட்டி வருவான். நடந்து நடந்து யாருக்கு ஸ்ட்ராங், யாருக்கு லைட், யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்பதெல்லாம் நோட்டில் ஏறிற்று.

இனிக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு மாதங்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் 210 கிளாஸில் வந்து நிலைத்தது. 5 மணிக்குள் 95, தூக்கில் போனது 80, காய் வாங்க வருபவர்களுக்கு 35. வரவு 1,680 ரூபாய். பால் 14 லிட்டருக்கு 448, தூளுக்கு 130, சர்க்கரைக்கு 72, எரிவாயுவுக்கு 90, வாடகை 50, தண்ணீர் 20, குளிர்பெட்டி 30 என்று செலவு 840. மீதியும் சரியாக 840. சனிக்கிழமைகளில் 130 கிளாஸ் போகும். ஐந்து மணி நேரம் நின்று 155 ரூபாய் கண்ட இடத்தில், நாலு மணி நேரத்துக்கும் குறைவாக நின்று அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கண்டோம். பாலைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். மாலையில் 5 லிட்டரில் 65 கிளாஸ், அதாவது லிட்டருக்கு 13. காலையில் லிட்டருக்கு 15. நாங்கள் தண்ணீர் கூடுதலாகக் கலந்தோம் என்று நினைக்க வேண்டாம்; சுண்டுவதற்கும் மிஞ்சுவதற்கும் பாலுக்கு அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

சுவையும் அப்படியே மாறிவிட்டது. ஒன்றேகால் மணி நேரத்தில் 95 பேர் என்றால் நிமிஷத்துக்கு ஒருவருக்கு மேல். ஒரு பை டிக்காஷன் ஐந்தாறு நிமிஷத்தில் தீர்ந்து அடுத்தது இறங்கும். மாலையில் "கசக்குது" என்று சொன்ன அந்தப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்காய் வாங்க வந்தவர், மணத்தினால் இழுக்கப்பட்டு ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, "தூள் மாத்தீட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். இஞ்சியையும் ஏலக்காயையும் நிறுத்திவிட்டு, தொடக்கத்தில் வாங்கிய அதே டஸ்ட் தூளுக்குத்தான் நாங்கள் திரும்பியிருந்தோம்.

திறக்கும் நேரத்தைப் போலவே மூடும் நேரமும் எங்களுக்கு ஒரு பரீட்சையாயிற்று. இவ்வளவு ஓடும் கடையை ஏன் ஏழரைக்கு மூட வேண்டும், 9 மணி வரையில் வைத்தால் இன்னும் வருமே என்று எனக்கு ஆசை. நான்கு வாரங்கள் அப்படியும் நடத்திப் பார்த்தோம். ஏழரைக்கு மேல் ஒன்றரை மணி நேரத்தில் சராசரி 14 கிளாஸ்தான் போயிற்று. வீட்டில் காபி குடித்துவிட்டு வருபவர்கள் அந்த நேரத்து ஜனங்கள். அந்தப் பதினான்குக்காகப் பாலும் டிக்காஷனும் மறுபடி காத்துக் கிடக்கத் தொடங்கின. மாலைக் கடையின் காந்தல் வாடை மூக்கில் ஏறிற்று. அதைவிட, வசூலுக்குப் போக வேண்டியவன் பாய்லரிடம் கட்டுண்டு நின்றதால், சரக்கு சீக்கிரம் தீர்ந்த குடியானவர்கள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். அந்த நான்கு வாரங்களில் நின்ற பாக்கி, கூடுதலாக விற்றதைத் தின்றுவிட்டது. ஐந்தாவது வாரம் ஏழரைக்கே மூடினோம்.

இது என்றும் நிலைக்கும் ஏற்பாடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் படுத்து 2.30 மணிக்கு எழுவதை உடம்பு ஒருவாறு ஏற்றுக்கொண்டது. ஆனால் செமஸ்டர் பரீட்சை வாரங்களில் கடை இல்லை. ஆடிக் காற்றில் அடுப்பைச் சுற்றித் தகரம் மறைத்தாலும் தீ நிலைகொள்ளாமல் எரிவாயுச் செலவு ஏறியது. மூன்றாம் ஆண்டின் நடுவில், தெருக்கோடிக் கடைக்காரர் ஓர் இரவுப் பால்காரரைப் பிடித்து நான்கு மணிக்கே கடையைத் திறக்கத் தொடங்கினார். எங்கள் 210 கிளாஸ் 140 ஆகக் குறைந்தது. அவரிடம் எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வேளையின் தேவையைக் கண்டுபிடித்தவன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. பாய்லரின் ஆவி எழுந்த மறுகணமே அது தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

கல்லூரி முடிந்து, நண்பன் சென்னைக்கும் நான் திருப்பூருக்கும் வேலைக்குப் போக வேண்டியிருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, வசூல் முடித்துக்கொண்டு இருவரும் அந்தக் கடைக்காரரிடம் டீ குடிக்கப் போனோம். காசு வாங்க மறுத்துவிட்டு அவர், "உங்களையப் பாத்துத்தானுங் தம்பி நானும் நேரமே தொறக்கப் பழகினேன்" என்றார். கொங்கு நாட்டில் 'நேரமே' என்றால் சீக்கிரமாக, வேளையோடு என்று பொருள். சிறு வயது முதல் கேட்டுப் பழகிய அந்தச் சொல் அன்று என் காதில் புதிதாக விழுந்தது.

நண்பன் இடுப்பிலிருந்த நோட்டை எடுத்து அவர் கல்லாவின் மேல் வைத்தான். "பாக்கி எதுவும் இல்லீங்ணா, எல்லாம் வாங்கியாச்சு. இது உங்களுக்கு ஆகும்" என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். "கடை நம்பரை விடுங்க, அது வாராவாரம் மாறும், ஆளைப் பாத்து வெச்சுக்கங்க. கொத்தமல்லி அம்மாவுக்கு ஸ்ட்ராங், அவங்க ரெண்டு வாட்டி குடிப்பாங்க. வெங்காயக்காரர் அய்யாவுக்குச் சக்கரை போட்டறாதீங்க, அவரு கேட்டாலும் போட வேண்டாம்னு அவரு மகன் சொல்லியிருக்கறாரு." கடைக்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி, பிரித்த பக்கத்தை மடக்காமல், பாய்லருக்குப் பின்னாலிருந்த பலகையில் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.